“அரிப்புத் தடுப்புத் திட்டம் உள்ளது”: பிளின்ட் நகரக் குடிநீரும் எட்டு வார இடைவெளியில் வந்த இரண்டு பதில்களும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் நகரத்துக் குடிநீரில் ஈயம் கலந்த செய்தி உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. அந்த நீண்ட விவகாரத்தில் இரண்டு மின்னஞ்சல்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஆய்வை எழுதுகிறேன். முதலாவது 2015 பிப்ரவரி 27 அன்று வந்தது. பிளின்ட் நகரத்தில் உகந்த அரிப்புத் தடுப்புத் திட்டம் ஒன்று உள்ளது என்று அது சொன்னது. இரண்டாவது ஏப்ரல் 24 அன்று வந்தது. பிளின்ட் தன் சுத்திகரிப்பு நிலையத்தில் தற்போது அரிப்புத் தடுப்பு எதையும் செய்யவில்லை என்று அது சொன்னது. இரண்டையும் அனுப்பியது ஒரே துறை, மாநிலச் சுற்றுச்சூழல் தரத் துறை. இரண்டையும் பெற்றதும் ஒரே இடம், குடிநீர் விதிகளை மேற்பார்வையிடும் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சிகாகோ வட்டார அலுவலகம். அந்த எட்டு வாரங்களில் நகரத்தின் தண்ணீர் மாறவில்லை. கேள்வி கேட்கப்பட்ட விதம்தான் மாறியது.

முதலில் பின்னணி. பிளின்ட் பல பத்தாண்டுகளாக டெட்ராய்ட் நகரக் குடிநீர் நிறுவனத்திடம் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. ஹியூரன் ஏரியிலிருந்து எடுத்த அந்த நீரில் டெட்ராய்ட் சிறிதளவு பாஸ்பேட் சேர்த்தே அனுப்பியது. பழைய நகரங்களில் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய்கள் பல ஈயத்தால் ஆனவை. பாஸ்பேட் அந்த ஈயத்தோடு சேர்ந்து குழாயின் உட்சுவரில் எளிதில் கரையாத ஒரு படிவை உண்டாக்குகிறது. அந்தப் படிவு நிலைத்திருக்கும்வரை ஈயம் நீரில் இறங்குவது வெகுவாகக் குறையும். பாஸ்பேட்டை நிறுத்திவிட்டு வேறு தன்மையுள்ள நீரைப் பாய்ச்சினால் படிவு நாளாவட்டத்தில் கரையும், உதிரும்.

2014 ஏப்ரல் 25 அன்று பிளின்ட் டெட்ராய்ட் நீரை விட்டுவிட்டு ஊரின் ஆற்று நீருக்கு மாறியது. நிதி நெருக்கடியில் இருந்த நகரத்தை அப்போது மாநில அரசு நியமித்த அவசர மேலாளர் நிர்வகித்துவந்தார். ஹியூரன் ஏரியிலிருந்து புதிய குழாய்ப் பாதை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை ஆற்று நீர் என்பதே ஏற்பாடு. ஆற்று நீரில் குளோரைடு அதிகம், அதனால் உலோகத்தை அரிக்கும் தன்மையும் அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் என்ஜின் ஆலையில் இந்த நீரைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது, உதிரிபாகங்கள் அரிக்கப்பட்டன என்பதற்காக. இவ்வளவு அரிக்கும் நீரில் பாஸ்பேட் சேர்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு செய்தி எந்தப் பொது அறிவிப்பிலும் இல்லை.

விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1991ல் வந்த ஈயம் மற்றும் தாமிர விதியின்படி, 50,000 பேருக்கு மேல் தண்ணீர் வழங்கும் எந்த அமைப்பும் அரிப்புத் தடுப்புச் சிகிச்சையை வைத்திருக்க வேண்டும். விதிவிலக்கு மிகக் குறுகியது. பிளின்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம். மாதிரிகள் எடுத்துச் சோதிக்கும்போது, வரிசைப்படுத்திய அளவுகளில் 90ஆவது சதமானத்தில் நிற்கும் எண் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேல்நடவடிக்கை தொடங்கும். இதுதான் அன்றைய சட்ட எல்லை. குழந்தைகளின் உடலுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை.

பிளின்டில் லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டில் 2015 பிப்ரவரி 18 அன்று எடுத்த மாதிரியில் 104 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. மார்ச் தொடக்கத்தில் எடுத்ததில் 397. 104 என்ற முதல் முடிவு வந்ததுமே அவர் மத்திய முகமையைத் தொடர்புகொண்டார். விஷயம் மிகெல் டெல் டோரல் என்ற அதிகாரியிடம் போயிற்று. ஈய விதியின் நுணுக்கங்களை நன்கறிந்தவர் அவர். மாதிரியை எப்படி எடுத்தால் ஈயம் குறைவாகத் தெரியும் என்பதைச் சிகாகோவில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர். ஒரு வீட்டில் 104 என்றதும் அவருக்கு எழுந்த முதல் சந்தேகம் வீட்டைப் பற்றியது அல்ல, சிகிச்சையைப் பற்றியது. விதிப்படி சிகிச்சை இருந்தாக வேண்டும், அதனால்தான் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கிறேன் என்று மாநிலத் துறைக்கு எழுதினார்.

அதற்கு வந்ததுதான் பிப்ரவரி 27 பதில். அதிலுள்ளவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மழுப்பல் பதில் என்றால் பொய் நிரம்பியது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இந்தப் பதிலிலும் பல வரிகள் தம்மளவில் உண்மையானவை. ஆனால் அவை கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

முதல் வரி, நகரத்தில் உகந்த அரிப்புத் தடுப்புத் திட்டம் உள்ளது என்பது. என்ன பயன்படுத்துகிறார்கள் என்பது கேள்வி. பயன்படுத்துவதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், ஒரு அளவு இருக்க வேண்டும், அதைச் சேர்க்கும் இடம் இருக்க வேண்டும். பதிலில் இருப்பதோ “திட்டம்”. கண்காணித்துக்கொண்டிருப்பதையும் திட்டம் எனலாம், பிறகு யோசிப்பதாக எழுதிவைத்திருப்பதையும் எனலாம். மாநிலத் துறை தன் மனத்தில் வைத்திருந்தது என்ன என்பது பிறகு வெளிவந்தது. தண்ணீரை மாற்றிய பின் ஆறு மாதங்கள் கொண்ட இரண்டு சோதனைக் காலங்களை ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு சிகிச்சை தேவையா என்று முடிவுசெய்யலாம் என்று அவர்கள் விதியைப் படித்திருந்தார்கள். சோதனையை நடத்துவதே அவர்கள் கணக்கில் திட்டம்.

இரண்டாவது, 25 இடங்களில் காலாண்டுக்கு ஒருமுறை நீரின் தன்மை சோதிக்கப்படுகிறது, வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் தெரியவில்லை என்பது. அமிலக் காரத்தன்மை போன்றவற்றை அளக்கும் சோதனை அது. ஈயத்தை அளப்பதல்ல. வழக்கத்துக்கு மாறாக இல்லை என்றால் எந்த அளவோடு ஒப்பிட்டு? அது பதிலில் இல்லை.

மூன்றாவது, ஈயச் சோதனை முடிவு. 2014 ஜூலை முதல் டிசம்பர்வரை எடுத்த 100 மாதிரிகளில் 90ஆவது சதமானம் 6 மைக்ரோகிராம், 15க்கு வெகு கீழே. எண் வந்துவிட்டால் வாசிப்பவர் அடங்கிவிடுவார். ஆனால் அந்த 100 மாதிரிகளும் எந்த வீடுகளில், எந்த முறையில் எடுக்கப்பட்டன என்று பதில் சொல்லவில்லை. அங்கேதான் இந்த எண்ணின் உயிர் இருக்கிறது. மாதிரி எடுக்கும் முந்தைய இரவு குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிடும்படி பிளின்டில் குடியிருப்போருக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அப்படி ஓடவிட்டால் குழாயில் உதிர்ந்து கிடக்கும் ஈயத் துகள்கள் அடித்துக்கொண்டு போய்விடும். மறுநாள் காலையில் பிடிக்கும் நீர் உண்மையைவிடச் சுத்தமாகத் தெரியும்.

இப்படி எழுதப்பட்ட பதில் என்ன செய்யும்? கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்ற நிலையை உண்டாக்கும். சிகாகோ அலுவலகம் திட்டம் உள்ளது என்பதை ஒரு மாநில அரசுத் துறையின் வார்த்தையாக எடுத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய நகரத்தில் சிகிச்சையே இல்லாமல் இருக்கும் என்று விதியை அறிந்த எவருக்கும் உடனே தோன்றாது. ஆகவே கவனம் வால்டர்ஸ் வீட்டுக்குத் திரும்பியது. நகர நிர்வாகமும் மாநிலத் துறையும் அந்த வீட்டின் உட்குழாய்களிலிருந்துதான் ஈயம் வருகிறது என்ற நிலையில் இருந்தன. ஏப்ரல் இறுதியில் டெல் டோரல் நேரில் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டின் உட்குழாய்கள் பிளாஸ்டிக்காக இருந்தன. ஈயம் வெளியே, நகரத்தின் இணைப்புக் குழாயில் இருந்தது.

முட்டுச்சந்தைத் திறந்தது வால்டர்ஸ். அவர் நகரத்தின் குடிநீர் ஆவணங்களைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்தார். சுத்திகரிப்பு நிலையத்தில் என்னென்ன ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன என்பது அதில் இருந்தது. அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் எதுவும் அதில் இல்லை. அதை டெல் டோரலிடம் சொன்னார். பொறியாளர் அல்லாத ஒருவர், துறை எழுதிய பதிலை வைத்துக்கொண்டு விவாதம் செய்யாமல், அந்தப் பதில் உண்மையாக இருந்தால் எந்தத் தாளில் தடயம் இருக்க வேண்டும் என்று தேடினார். இந்த விவகாரத்தில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான். சேர்க்கும் ரசாயனத்துக்குக் கொள்முதல் இருக்கும், தொட்டி இருக்கும், அன்றாடப் பதிவு இருக்கும். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லாதபோது, துறையின் வாக்கியத்தை அசைக்க வேறு வாதம் தேவைப்படுவதில்லை.

ஏப்ரல் 23 அன்று டெல் டோரல் மாநிலத் துறைக்கு மீண்டும் எழுதினார். கேள்வி சுருக்கமானது. டெட்ராய்ட் நீரை விட்ட பிறகு பிளின்ட் இப்போது அரிப்புத் தடுப்புச் சிகிச்சைக்கு என்ன செய்கிறது என்பதே அதன் சாரம். பிப்ரவரியில் கேட்டதும் இதுவே போலத் தோன்றலாம். ஆனால் இந்த முறை தப்பிக்கும் வழிகள் அடைபட்டிருந்தன. டெட்ராய்டை விட்ட பிறகு என்று காலம் வரையறுக்கப்பட்டதால், டெட்ராய்ட் காலத்துச் சிகிச்சையைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. சிகிச்சை என்று கேட்டதால், கண்காணிப்பைப் பதிலாகத் தர முடியாது. வால்டர்ஸ் வீட்டைப் பற்றியோ சோதனை முடிவுகளைப் பற்றியோ கடிதத்தில் கேள்வி வைத்திருந்தால், பதில் எழுதுபவர் அவற்றில் எளிதானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கலாம். அப்படி விட இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டவர் ஆவணங்களைப் பார்த்துவிட்டே கேட்கிறார்.

மறுநாளே பதில் வந்தது. பிளின்ட் தற்போது சுத்திகரிப்பு நிலையத்தில் அரிப்புத் தடுப்புச் சிகிச்சை செய்யவில்லை என்றது. இந்த முறை அது வேறொரு அதிகாரியின் கையிலிருந்து வந்தது. பெரிய அமைப்புகளில் இது நடக்கும். பொதுவாகக் கேட்டால், நிறுவனத்தின் நிலைப்பாட்டைச் சொல்லும் ஒருவரிடம் கேள்வி போய்ச் சேருகிறது. குறிப்பாகக் கேட்டால், களத்தில் நடப்பதை அறிந்த ஒருவரிடம் போய்ச் சேருகிறது. அவருக்கோ மழுப்ப வேண்டிய அவசியம் பல நேரம் இருப்பதில்லை.

டெல் டோரல் அதோடு விடவில்லை. ஒரு நாள் கழித்து அனுப்பிய கடிதத்தில், கிடைத்த பதிலின் விளைவை எழுத்தில் வைத்தார். சிகிச்சையும் இல்லை, மாதிரி எடுக்கும் முன் குழாயை ஓடவிடவும் சொல்கிறார்கள் என்றால், நகரம் முழுவதிலும் ஈயம் சோதனை முடிவுகள் காட்டுவதைவிட மிக அதிகமாக இருக்கலாம் என்று கவலை தெரிவித்தார். துறை தந்த இரண்டு உண்மைகளை ஒன்றாக வைத்து, அவை சேர்ந்தால் என்ன பொருள் என்று துறைக்கே திருப்பிச் சொல்லிவிட்டார். இனி அந்தப் பொருளை மறுக்க வேண்டுமானால் அவர்களும் எழுத்தில்தான் மறுக்க வேண்டும்.

மே 1 அன்று வந்த மாநிலத்தின் பதில் வேறு வகையான நழுவல். சிகிச்சை இல்லை என்பதை இனி மறைக்க முடியாது. எனவே உண்மை நிலையிலிருந்து விலகிப் பயனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நகரம் ஓராண்டுக்குச் சற்று மேல் கழித்து ஏரி நீருக்கு மாறிவிடும், இப்போது ஆய்வு செய்யச் சொல்வதால் நீண்டகால நோக்கில் பயன் இல்லை என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஓராண்டில் ஒரு குழந்தை குடிக்கும் நீரில் ஈயம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. அதை வாசிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இத்தகைய பதிலுக்கு, என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி இனி உதவாது. எந்த விதியின் எந்தப் பிரிவு இதை அனுமதிக்கிறது என்பதே அடுத்த கேள்வி. முகமை அதைக் கேட்கத்தான் செய்தது. ஆனால் நாள் குறித்துக் கேட்கவில்லை. மாநிலம் தன் விளக்கத்தில் உறுதியாக நின்றது. வட்டார அலுவலகம் தலைமையகத்திடம் சட்டக் கருத்து கேட்டுக் காத்திருந்தது. தொலைபேசி உரையாடல்கள், கூட்டங்கள் என்று மே, ஜூன், ஜூலை போயின. அந்த மாதங்களில் மக்கள் அதே நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிகழ்வில் மத்திய முகமை செய்த பெரிய தவறு என்று நான் நினைப்பது இதைத்தான். எழுத்தில் ஒரு ஒப்புதல் கையில் வந்துவிட்ட பிறகு, அடுத்த கேள்வியையும் ஒரு தேதியோடு எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 24 அன்று டெல் டோரல் ஒரு இடைக்கால அறிக்கை எழுதினார். ஏப்ரல் 24 பதில், மாதிரி எடுப்பதில் உள்ள கோளாறு, வால்டர்ஸ் வீட்டின் அளவுகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. விர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் அந்த வீட்டு நீரைச் சோதித்ததில், அதிகபட்சமாக லிட்டருக்கு 13,200 மைக்ரோகிராம் ஈயம் வந்த செய்தியும் இருந்தது. அறிக்கையின் நகல் வால்டர்ஸிடம் போனது, அவரிடமிருந்து குடிமை உரிமை அமைப்பு ஒன்றின் செய்தியாளர் கர்ட் கயட்டிடம் போனது. ஜூலையில் அது வெளியானது. மாநிலத் துறையின் செய்தித் தொடர்பாளர், பிளின்ட் குடிநீரில் ஈயம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றார். அதற்குள் அவருடைய துறையே சிகிச்சை இல்லை என்று எழுதிக் கொடுத்து பத்து வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பேச்சில் சொன்னதையும் எழுத்தில் தந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தது, அந்த ஏப்ரல் மின்னஞ்சல் இருந்ததால்தான். எட்வர்ட்ஸ் குழுவினர் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் இத்தகைய கடிதங்களைக் கேட்டுப் பெற்று வெளியிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் இரண்டாவது சோதனைக் காலத்தின் முடிவும் வந்தது. அதில் ஒரு விவரத்தை விட்டுவிட முடியாது. முதலில் 71 மாதிரிகள் பட்டியலில் இருந்தன. மாநிலத் துறையின் அறிவுறுத்தலுக்குப் பிறகு இரண்டு நீக்கப்பட்டு 69 ஆயின. நீக்கப்பட்டவற்றில் ஒன்று வால்டர்ஸ் வீட்டின் 104. இரண்டையும் வைத்திருந்தால் 90ஆவது சதமானம் 15ஐத் தாண்டியிருக்கும். நீக்கிய பின் 11 ஆனது. இந்த நகரம் எல்லைக்குள் இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு ஆம் என்ற பதில் கிடைத்தது. எத்தனை மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின, எத்தனை கணக்கில் வந்தன, வராதவை எவை, என்ன காரணத்துக்காக என்று கேட்டவர்களுக்குத்தான் உண்மை கிடைத்தது.

ஆகஸ்டு 17 அன்று மாநிலத் துறை பிளின்டை அரிப்புத் தடுப்புச் சிகிச்சை தொடங்கும்படி அறிவுறுத்தியது. அதே மாதத்தில் விர்ஜினியா டெக் குழுவும் ஊர் மக்களும் சேர்ந்து ஏறத்தாழ 270 வீடுகளில் சரியான முறையில் மாதிரி எடுத்தார்கள். 90ஆவது சதமானம் எல்லையைத் தெளிவாகத் தாண்டியிருந்தது. செப்டம்பரில் குழந்தைகள் நல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் உயர்ந்திருப்பதைக் காட்டும் ஆய்வை வெளியிட்டார். அக்டோபர் 16 அன்று நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. அடுத்த சில நாட்களில் மாநிலத் துறையின் இயக்குநர், தம் ஊழியர்கள் தவறான வழிமுறையைப் பின்பற்றிவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார்.

இனி, பிப்ரவரி 27 பதில் கையில் இருந்த அந்த நாளுக்குத் திரும்பிப் போனால், என்ன எழுதியிருந்தால் எட்டு வாரங்கள் மிச்சமாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நடந்த பிறகு சொல்வது எளிது என்பது தெரியும். இருந்தாலும் இதே நிலையில் வேறொரு அலுவலகத்தின் பதிலோடு உட்கார்ந்திருப்பவருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். கடிதம் பதிலின் சொற்களையே எடுத்துத் தொடங்க வேண்டும்:

“தங்கள் பிப்ரவரி 27 பதிலில் அரிப்புத் தடுப்புத் திட்டம் உள்ளது என்று குறிப்பிட்டுள்ளீர்கள். அது தொடர்பாக:
1. 2014 ஏப்ரல் 25 முதல் இன்றுவரை, அரிப்பைத் தடுப்பதற்காகச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கப்படும் ரசாயனத்தின் பெயர் என்ன? எதுவும் சேர்க்கப்படவில்லை எனில் அவ்வாறே தெரிவிக்கவும்.
2. ஜனவரி மாதத்தில் நாள்தோறும் சேர்க்கப்பட்ட அளவைக் காட்டும் நிலையப் பதிவின் நகலை அனுப்பவும்.
3. 100 மாதிரிகளுக்காகக் குடியிருப்போருக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல் தாளின் நகலை அனுப்பவும்.”

மூன்று போதும். முதல் கேள்வியின் இரண்டாவது வாக்கியம்தான் இதில் அதிக வேலை செய்கிறது. அதிகாரிகளுக்கு இல்லை என்று எழுதுவது கடினமாக இருக்கிறது. இல்லை என்பதற்கு நாம் ஒரு இடத்தை ஒதுக்கி வைத்தால், அந்த இடத்தை வெறுமையாக விடுவதும் ஒரு தகவலாகிவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் விளக்கம் கேட்கவில்லை, தாள் கேட்கின்றன. விளக்கத்தை மேசையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். ஜனவரி மாதப் பதிவு ஒன்று இருக்கும், அல்லது இருக்காது.

ஏன் செய்யவில்லை, இது நியாயமா என்ற கேள்விகளை முதல் கடிதத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. மனம் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்லும். ஆனால் ஏன் என்று கேட்பது எதிராளிக்கு ஒரு பத்தி எழுத வாய்ப்புத் தருகிறது. மே 1 பதில் அப்படித்தான் வந்தது. நடந்தது என்ன என்பது எழுத்தில் உறுதியான பிறகு, எந்தப் பிரிவின்கீழ், யாருடைய ஆணையால், எந்தத் தேதியில் என்று கேட்டால் ஏன் என்பதற்கான விடை தானாக வெளிவரும்.

பதில் வந்ததும் அதைச் சோதிப்பதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு கேள்வியின் எதிரிலும் பதிலில் அதற்கான வாக்கியத்தை எடுத்து எழுத வேண்டும். அந்த வாக்கியத்தில் பெயரோ, எண்ணோ, தேதியோ, இல்லை என்ற சொல்லோ இருந்தால் அது பதில். பிப்ரவரி 27 மின்னஞ்சலை இப்படி எழுதிப் பார்த்தால், என்ன பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு எதிரில் வைக்க ஒரு வாக்கியமும் கிடைக்காது. எண்கள் இருந்தன, ஆனால் வேறு கேள்விக்கான எண்கள். அன்று யாராவது அப்படி ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால், கிடைத்தது பதில் அல்ல என்பது மார்ச் மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இந்த வழிக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதையும் பிளின்ட் காட்டுகிறது. துல்லியமான கேள்வியால் ஒரு துறையை ஒப்புக்கொள்ள வைக்க முடியும், செயல்பட வைக்க முடியாது. ஏப்ரல் 24க்கும் அக்டோபர் 16க்கும் இடையே ஏறத்தாழ ஆறு மாதங்கள் இருக்கின்றன. ஒப்புதல் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் மட்டும் கிடந்தவரை ஒன்றும் அசையவில்லை. அறிக்கையாகி, ஊர் மக்கள் கைக்கு வந்து, மாதிரிகளும் மருத்துவப் பதிவுகளும் அதோடு சேர்ந்த பிறகே அசைந்தது. எழுத்துப் பதிலைப் பெறுகிறவர், அது கிடைத்த அன்றே அதை யாரிடம் கொண்டுபோவது என்பதையும் முடிவு செய்திருக்க வேண்டும்.

2015 நவம்பர் 3 அன்று மத்திய முகமையின் குடிநீர்ப் பிரிவு தன் எல்லா வட்டார அலுவலகங்களுக்கும் ஒரு குறிப்பு அனுப்பியது. விதியின் வாசகத்தை வேறுவிதமாகப் படிக்க இடம் இருந்தது என்பதை அதில் ஏற்றுக்கொண்டது. இனி, சிகிச்சை பெற்ற நீரை விட்டு வேறு ஆதாரத்துக்கு மாறும் பெரிய அமைப்பு எதுவும் அரிப்புத் தடுப்பை இடைவெளியின்றித் தொடர வேண்டும், ஆறு மாதச் சோதனைக் காலங்கள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. மாதக்கணக்கில் காத்துக் கிடந்த சட்டக் கேள்விக்கு எழுத்தில் வந்த விடை அதுதான். அது வந்தபோது பிளின்ட் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பி இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது.